கால் டாங்கி டீசலுக்கு எங்கே கோடு போடுவது: தொடுகோட்டு முறையில் நான்கு சுற்று

சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசைக்கு அடுத்த வரிசையில் ஒரு தோட்டத்துக் கிராணி குடும்பம் இருக்கிறது. மகள் படிவம் ஆறு படிக்கிறாள். ஒரு நாள் மாலை புலனத்தில் ஒரு படம் அனுப்பினாள். மடித்துப் பிரித்த தாளில் நீலப் பேனாவில் ஒரே ஒரு வரி. கீழே குறுஞ்செய்தி: "அண்ணே, ஸ்டோர் டீசல் டாங்கியில கால் பங்குக்குக் கோடு போடணும்னு அப்பா கேட்டாரு. வட்டத்தை வெச்சுப் போட்டதுல இதுதான் வந்துச்சு. தீட்டா தனியா வரவே மாட்டேங்குது."

தனியாக வராதுதான். அந்தச் சமன்பாடு இது:

```
θ − sin θ = π/2
```

கோணம் ஒரு பக்கம் வெறுமனே நிற்கிறது, இன்னொரு பக்கம் சைனுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பிரித்து "θ = இவ்வளவு" என்று எழுத இயற்கணிதத்தில் வழி கிடையாது. கோள்களின் இடத்தைக் கணக்கிடும் கெப்ளர் சமன்பாட்டுக்கும் இதே உருவம்தான், அதையும் எண் எண்ணாகத்தான் தீர்க்கிறார்கள். அதற்கு நல்ல கருவி தொடுகோட்டு முறை, அதாவது எஸ்டிபிஎம் கணிதத்தில் வரும் நியூட்டன்–ராப்சன். இந்த ஒரு சமன்பாட்டை எடுத்துக்கொண்டு, படத்தைப் படிப்பதிலிருந்து, டாங்கிக்குள் விட்டு டீசல் ஆழம் பார்க்கும் அளவுக் கம்பியில் கோடு போடுவது வரை போகலாம். ஒவ்வொரு சுற்றிலும் விடை எவ்வளவு, பிழை எவ்வளவு என்று அட்டவணை போடுவோம். விடையைவிட அந்தப் பிழைக் கட்டம்தான் அதிகம் சொல்லித்தரும்.

## முதலில் படத்தைச் சரியாகப் படிக்க வேண்டும்

தொடுகோட்டு முறைக்கு ஒரு குணம் உண்டு. தப்பான சமன்பாட்டைக் கொடுத்தாலும் அதே வேகத்தில், அதே அழகில் ஒரு விடை தரும். அட்டவணையைப் பார்த்து "சமன்பாட்டைத் தப்பாகப் படித்துவிட்டோம்" என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் கால்குலேட்டரைத் தொடுமுன் படத்தில் உள்ளதை வேறு தாளில் பெரிதாக எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தப் படத்தில் சந்தேகம் மூன்று இடத்தில் வந்தது. ஒன்று, θவின் நடுக்கோடு மங்கி 0 போலத் தெரிந்தது. இது சுலபம். sin 0 என்பது வெறும் பூஜ்யம், அதை யாரும் சமன்பாட்டில் எழுதி வைக்க மாட்டார்கள்.

இரண்டாவது, π. அவசரமாக எழுதிய π பல சமயம் 11 போல நிற்கும். 11/2 என்று படித்தால் சமன்பாடு θ − sin θ = 5.5 ஆகிவிடும். அதற்கும் மூலம் உண்டு, சுமார் 4.52. ஆனால் டாங்கி சரியாகப் பாதி நிரம்பியிருக்கும்போது கோணம் π, அதாவது 3.14. கால் பங்குக்கு அதைவிடக் குறைவான கோணம்தான் வர முடியும். 4.52 வந்தால் டீசல் பாதிக்கு மேலே நிற்கிறது என்று பொருள், ஆக அந்தப் படிப்பு தப்பு.

மூன்றாவதுதான் மோசமானது. தாளின் மடிப்பு சரியாகக் கழித்தல் குறியின் மேல் விழுந்ததால் அது கூட்டல் போலத் தெரிந்தது. குறியைத் தீர்மானிக்கச் சமன்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். படுக்கை வாட்டில் கிடக்கும் உருளை டாங்கியை முனையிலிருந்து பார்த்தால் ஒரு வட்டம். டீசலின் மேல்மட்டம் அதில் ஒரு நாண். நாணின் இரு முனைகளையும் வட்ட மையத்தோடு இணைத்தால் மையத்தில் உண்டாகும் கோணம் θ. மையத்திலிருந்து விரியும் ஆப்பு வடிவத் துண்டின் பரப்பு R²θ/2. அதிலிருந்து டீசலுக்கு மேலே இருக்கும் முக்கோணத்தைக் கழிக்க வேண்டும், அதன் பரப்பு R² sin θ/2. மீதிதான் டீசல். அது முழு வட்டமான πR²-இல் கால் பங்கு என்று எழுதிச் சுருக்கினால் θ − sin θ = π/2. கழித்தல்தான், சந்தேகமே இல்லை.

கூட்டலாக எடுத்திருந்தால் θ = 0.83 வந்திருக்கும். 120 செண்டிமீட்டர் விட்டமுள்ள டாங்கியில் அது சுமார் 5 செண்டிமீட்டர் ஆழம். அடியில் அவ்வளவு டீசல் கிடந்தால் அது கால் டாங்கி என்று ஸ்டோரில் வேலை செய்யும் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

படித்து முடித்ததும் சமன்பாட்டைத் தட்டச்சு செய்து, "இதுதானே?" என்று அனுப்பியவரிடமே திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

## சமன்பாட்டை ஒரு பக்கமாகக் கொண்டுவருதல்

θவுக்குப் பதில் x என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் இடப்பக்கம் தள்ளினால்:

```
f(x)  = x − sin x − π/2
f'(x) = 1 − cos x
```

முதல் வரி, நாம் பூஜ்யமாக்க வேண்டியது. இரண்டாவது அதன் வகையீடு, அதாவது வளைகோட்டின் சாய்வு. சைனை வகையிட்டால் கொசைன், முன்னால் கழித்தல் இருப்பதால் −cos x. π/2 ஒரு மாறிலி, வகையிட்டால் போய்விடும். வகையீட்டில் குறி தப்பினால் பின்னால் வரும் எல்லாச் சுற்றும் இழுத்தடிக்கும், அல்லது வேறு திசைக்கு ஓடும். அது எப்படித் தெரியும் என்பதை அட்டவணையில் பார்ப்போம்.

இப்போது கால்குலேட்டர். திரையின் மேல் ஓரத்தில் R இருக்க வேண்டும். D இருந்தால் பாகையில் இருக்கிறது, ரேடியனுக்கு மாற்றுங்கள். சைனை வகையிட்டால் கொசைன் என்பதே ரேடியனில் மட்டும்தான் உண்மை. தவிர, சைனுக்கு வெளியே நிற்கும் x-உம் ரேடியனில்தான் இருக்கிறது.

## தொடங்கும் இடம்

இரண்டு முழு எண்களைப் போட்டுப் பார்ப்போம். f(2) = −0.4801, f(3) = 1.2881. ஒன்று எதிர்மறை, மற்றது நேர்மறை. வளைகோடு இடையில் அறுபடவில்லை, ஆகவே 2-க்கும் 3-க்கும் நடுவில் எங்கோ பூஜ்யத்தைக் கடந்தே ஆக வேண்டும். பரீட்சைத் தாளில் "மூலம் உண்டு எனக் காட்டுக" என்று கேட்டால் இந்த இரண்டு எண்ணும், குறி மாறுகிறது என்ற வாக்கியமும், f தொடர்ச்சியானது என்ற சொல்லும் வேண்டும். கடைசிச் சொல்லைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இதே இடத்தில் ரேடியன் சோதனையும் முடிந்துவிடுகிறது. கால்குலேட்டர் பாகையில் இருந்திருந்தால் f(2) = +0.3943 என்று வந்திருக்கும், குறியே மாறியிருக்காது. அதைக் கவனிக்காமல் மேலே போனால் முதல் சுற்றிலேயே விடை −645 பக்கம் போய் விழும்.

2-இல் தொடங்குவோம். பூஜ்யத்துக்குப் பக்கமாக இருப்பது அதுதான்.

## ஒரு சுற்றில் என்ன நடக்கிறது

x = 2-இல் வளைகோடு அச்சுக்குக் கீழே 0.48 அளவு ஆழத்தில் இருக்கிறது. அங்கே சாய்வு 1.416, அதாவது ஓர் அலகு வலப்பக்கம் போனால் 1.416 அலகு ஏறும். வளைகோடு வளையாமல் இதே சாய்வில் நேராகப் போனால், 0.48 ஏற எவ்வளவு தூரம் வலப்பக்கம் போக வேண்டும்? 0.48-ஐ 1.416-ஆல் வகுத்தால் போதும். முறை முழுவதும் இந்த ஒரே வகுத்தல்தான்:

```
x(n+1) = x(n) − f(x(n)) / f'(x(n))
```

வளைகோட்டின் இடத்தில் தொடுகோட்டை வைத்து, தொடுகோடு அச்சை எங்கே வெட்டுகிறது என்று பார்க்கிறோம். அந்த வெட்டும் இடம் அடுத்த மதிப்பீடு. அங்கிருந்து மறுபடி ஒரு தொடுகோடு. ஜோசப் ராப்சன் 1690-இல் வெளியிட்டது பல்லுறுப்புக் கோவைகளுக்குத்தான். வகையீட்டைக் கொண்டு எந்தச் சமன்பாட்டுக்கும் பொருந்தும்படி விரித்தவர் தாமஸ் சிம்சன், 1740-இல். சைன் உள்ள நம் சமன்பாடு அந்த இரண்டாவது வகை.

முதல் சுற்றை முழுதாக எழுதிப் பார்ப்போம்:

```
f(2)  = 2 − 0.9092974268 − 1.5707963268 = −0.4800937536
f'(2) = 1 − (−0.4161468365)             =  1.4161468365
x1    = 2 − (−0.4800937536 / 1.4161468365)
      = 2 + 0.3390141059
      = 2.3390141059
```

இரண்டு இடத்தில் கழித்தலுக்குப் பின் கழித்தல் வருகிறது. cos 2 எதிர்மறை என்பதால் f' ஒன்றைவிடப் பெரிதாகிறது. f எதிர்மறை என்பதால் நாம் வலப்பக்கம் நகர்கிறோம். எண்ணைப் போடுமுன் "மூலம் எனக்கு வலப்பக்கமா, இடப்பக்கமா?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் இந்தக் குறிக் குழப்பம் வராது. f(2) எதிர்மறை, f(3) நேர்மறை, ஆகவே மூலம் வலப்பக்கம். விடை 2-ஐவிடக் குறைந்தால் எங்கோ குறி புரண்டிருக்கிறது.

அடுத்த சுற்றுகளுக்கு x1-ஐ 2.34 என்று வெட்டிவிடாதீர்கள். வெட்டினாலும் முறை தானாகவே திருத்திக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அட்டவணையின் பிழைக் கட்டம் அர்த்தமில்லாமல் போய்விடும், கடைசிச் சுற்றில் வெட்டினால் விடையும் அங்கேயே நின்றுவிடும். கால்குலேட்டரின் Ans நினைவில் முழு எண்ணையும் வைத்திருங்கள். 2 என்று போட்டு = அழுத்திவிட்டு, இதை ஒரே ஒரு முறை தட்டினால் போதும்:

```
Ans-(Ans-sin(Ans)-π÷2)÷(1-cos(Ans))
```

அப்புறம் = அழுத்த அழுத்த x1, x2, x3 வரிசையாக வரும். fx-570 வகைக் கால்குலேட்டர்களில் இது அப்படியே வேலை செய்யும். f மதிப்பையும் எழுத வேண்டுமானால் ஒவ்வொரு xஐயும் A, B, C என்று சேமித்து வைத்துத் தனியாகப் போட்டுப் பாருங்கள்.

## அட்டவணை

பிழையை எழுத உண்மை விடை தெரிய வேண்டும். தெரிந்தால் எதற்கு இவ்வளவு பாடு என்று கேட்கலாம். பொதுவாகத் தெரியாதுதான், ஆனால் இந்தச் சமன்பாட்டில் வேறு வழியாகவும் அங்கே போய்ச் சேரலாம். x = π/2 + y என்று வைத்தால் sin x என்பது cos y ஆகிவிடும், சமன்பாடு y = cos y என்று சுருங்கும். ரேடியனில் ஏதாவது ஓர் எண்ணைப் போட்டு cos பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் எண் 0.7390851332-இல் போய் நிற்கும். π/2-ஐக் கூட்டினால் 2.3098814600. தொடுகோட்டு முறையைத் தொடாமலே கிடைத்த இந்த எண்ணை வைத்துப் பிழையை அளக்கலாம்.

| n | x(n) | f | f' | அடுத்த நகர்வு | பிழை: x(n) − உண்மை |
|---|---|---|---|---|---|
| 0 | 2.0000000000 | −0.48009375 | 1.4161468 | +0.3390141059 | −0.3098814600 |
| 1 | 2.3390141059 | 0.04906758 | 1.6948547 | −0.0289509093 | +0.0291326459 |
| 2 | 2.3100631966 | 0.00030417 | 1.6737463 | −0.0001817293 | +0.0001817366 |
| 3 | 2.3098814673 | 0.00000001 | 1.6736120 | −0.0000000073 | +0.0000000073 |
| 4 | 2.3098814600 | 0.00000000 | 1.6736120 | 0 | 0.0000000000 |

பிழைக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் படியுங்கள். 0.3, அப்புறம் 0.03, அப்புறம் 0.0002, அப்புறம் 0.000000007. முதலில் பூஜ்யங்கள் மெதுவாகத்தான் சேர்கின்றன, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிப்பாகின்றன. இது தற்செயல் இல்லை. ஒரு சுற்றின் பிழையை வர்க்கப்படுத்தி, அதை ஒரு நிலையான எண்ணால் பெருக்கினால் அடுத்த சுற்றின் பிழை வரும். அந்த எண் மூலத்தில் f''/(2f'), நம் சமன்பாட்டில் sin x / (2(1 − cos x)) = 0.2208.

அட்டவணையிலேயே சோதிக்கலாம். 1-ஆம் பிழையை 0-ஆம் பிழையின் வர்க்கத்தால் வகுத்தால் 0.303. அடுத்தது 0.214. அதற்கடுத்தது 0.2208. முதல் எண் தள்ளி நிற்பதற்குக் காரணம், 2 இன்னும் மூலத்துக்குத் தூரம். பக்கத்தில் வந்ததும் சொன்ன எண்ணுக்கு வந்துவிடுகிறது.

வகையீட்டைத் தப்பாகப் போட்டவரின் அட்டவணையில் இது நடக்காது. தப்பான சாய்வை வைத்தும் சில சமயம் சரியான மூலத்துக்கே போய்ச் சேரலாம், ஏனென்றால் f பூஜ்யமானால் நகர்வும் பூஜ்யம்தான். ஆனால் பிழை ஒவ்வொரு சுற்றிலும் பாதி, மூன்றில் ஒன்று என்று ஒரே விகிதத்தில் குறையும், பூஜ்யங்கள் இரட்டிப்பாகாது. cos பொத்தானை அழுத்தும் வழியும் அந்த மாதிரிதான். ஒவ்வோர் அழுத்தலுக்கும் பிழை சுமார் 0.67 மடங்காகத்தான் சுருங்குகிறது, ஆறு தசமம் அசையாமல் நிற்க முப்பது நாற்பது தடவை அழுத்த வேண்டும். தொடுகோட்டு முறை என்று எழுதிவிட்டு ஏழாவது எட்டாவது சுற்றிலும் எண்கள் நகர்ந்துகொண்டே இருந்தால், நேராக f' வரியைப் போய்ப் பாருங்கள்.

இன்னொரு சோதனை குறியில் இருக்கிறது. முதல் பிழை எதிர்மறை, மற்றவை நேர்மறை. 0-க்கும் π-க்கும் நடுவில் sin x நேர்மறை, ஆகவே நம் வளைகோடு மேல்நோக்கி வளைகிறது. அப்படிப்பட்ட வளைகோட்டுக்குத் தொடுகோடு எப்போதும் கீழேதான் இருக்கும். கீழே இருக்கும் கோடு அச்சை எட்ட இன்னும் வலப்பக்கம் போக வேண்டியிருப்பதால் x1 மூலத்தைத் தாண்டி விழுகிறது. அதன் பிறகு எல்லா மதிப்பீடும் வலப்பக்கத்திலிருந்தே இறங்கி வரும், மறுபடி இடப்பக்கம் தாவாது. x2-இல் f எதிர்மறையாக வந்தால் கணக்கில் எங்கோ பிசகு. கடைசித் தசமத்தில் கால்குலேட்டரின் தோராயத்தால் வரும் குறியை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம்.

## உண்மை விடை தெரியாதபோது பிழையை எப்படி எழுதுவது

பரீட்சையிலும் வேலையிலும் கடைசிக் கட்டம் காலியாகத்தான் இருக்கும். அதற்காகத்தான் "அடுத்த நகர்வு" கட்டத்தைப் பக்கத்தில் வைத்தேன். 2-ஆம் வரியில் நகர்வு 0.0001817293, பிழை 0.0001817366. குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் முதல் நான்கு இலக்கமும் ஒன்றே. 1-ஆம் வரியிலும் 0.02895-உம் 0.02913-உம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆக, ஒரு வரியின் நகர்வு அந்த வரியின் பிழையைச் சொல்லிவிடுகிறது.

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம். x2-இலிருந்து x3-க்கு 0.00018 நகர்ந்தோம் என்றால், அது x2-இன் பிழை. x3-இன் பிழை என்று எழுதினால் இருபதாயிரம் மடங்குக்கு மேல் கூட்டிச் சொன்னதாக ஆகும். x3-இன் பிழை வேண்டுமானால் இன்னொரு சுற்று போட வேண்டும், அல்லது 0.00018-ஐ வர்க்கப்படுத்தி 0.22-ஆல் பெருக்க வேண்டும். அது 0.000000007 பக்கம் வருகிறது, அட்டவணையோடு ஒத்துப்போகிறது.

"மூன்று தசமத் திருத்தமாக" என்று கேட்டால் x2-உம் x3-உம் மூன்று தசமத்துக்கு 2.310 என்றே வருகின்றன. பெரும்பாலும் இதோடு நிறுத்துகிறார்கள். இரண்டு வரி ஒத்துப்போவது நல்ல அறிகுறி, ஆனால் நிரூபணம் இல்லை. நிரூபணம் வேண்டுமானால் 2.310-க்கு இரு பக்கமும் மூன்றாம் தசமத்தில் அரை அலகு தள்ளிப் போட்டுப் பாருங்கள்: f(2.3095) = −0.00064, f(2.3105) = +0.00104. குறி மாறிவிட்டது. மூலம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அங்கிருக்கும் எந்த எண்ணும் மூன்று தசமத்துக்கு 2.310-தான். இந்த இரண்டு வரி எழுத ஒரு நிமிடம் போதும்.

## தொடக்கப் புள்ளி தப்பினால்

x = 0-இல் f' சரியாகப் பூஜ்யம், 2π-இலும் அப்படியே. அங்கே தொடுகோடு அச்சுக்கு இணையாகக் கிடப்பதால் எங்கேயும் வெட்டாது, கால்குலேட்டர் பிழைச் செய்தி காட்டும். அது தெரிந்த தொல்லை. அதற்குப் பக்கத்தில் தொடங்குவதுதான் ஆபத்து, ஏனென்றால் செய்தி எதுவும் வராது. 0.1-இல் தொடங்கினால் அங்கே சாய்வு 0.005 மட்டுமே. அந்தச் சின்னச் சாய்வில் 1.57 உயரம் ஏற வேண்டுமென்றால் முந்நூறு அலகுக்கு மேல் போக வேண்டும். x1 = 314.5 என்று வரும். அடுத்தது மைனஸ் ஐயாயிரத்துக்கும் கீழே. டாங்கியின் கோணம் 0-க்கும் 6.28-க்கும் நடுவில்தான் இருக்க முடியும், அதைத் தாண்டிய உடனே கணக்கை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் தொடங்குங்கள்.

1-இல் தொடங்கினால் இவ்வளவு மோசமில்லை. x1 = 4.07 என்று மூலத்தைத் தாண்டிப் போகும், x2 = 2.004 என்று திரும்பி வரும். இரண்டு சுற்றைச் செலவழித்து, நாம் முதலிலேயே நின்ற இடத்துக்கு வந்து சேர்கிறோம். f(1), f(2), f(3) மூன்றையும் ஆரம்பத்திலேயே போட்டுப் பார்ப்பவருக்கு இந்த வீண் அலைச்சல் கிடையாது.

## கோணத்திலிருந்து கம்பிக்கு

கிராணிக்குக் கோணம் வேண்டாம், ஆழம் வேண்டும். அடியிலிருந்து டீசல் மட்டம் வரை உள்ள உயரம்:

```
h = R × (1 − cos(θ/2))
```

120 செண்டிமீட்டர் விட்டமுள்ள டாங்கியை எடுத்துக்கொண்டால் R = 60. θ = 2.30988 என்று போட்டால் h = 35.76 செண்டிமீட்டர். விட்டத்தில் இது 29.8 விழுக்காடு. விட்டம் எதுவானாலும் இந்த விழுக்காடு மாறாது. 35.8-இல் கோடு போட்டால் சரி.

கால் பங்கு என்றால் கம்பியிலும் கால் பங்கு என்று 30 செண்டிமீட்டரில் கோடு போடுவது வழக்கம். அந்த உயரத்தில் கோணம் சரியாக 2π/3, டீசல் 19.55 விழுக்காடு. ஐந்தில் ஒன்றுகூட இல்லை. வட்டத்தின் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் முதல் முப்பது செண்டிமீட்டருக்குள் குறைவாகத்தான் பிடிக்கிறது. 30-இல் இருக்கும் கோட்டைப் பார்த்து "இன்னும் கால் டாங்கி இருக்கு" என்று நம்புகிற தோட்டத்தில் லாரிக்கும் டிராக்டருக்கும் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே டீசல் தீரும்.

எத்தனை சுற்று போதும் என்பதையும் கம்பியே தீர்மானிக்கும். இந்த ஆழத்தில் கோணத்தில் 0.01 ரேடியன் பிழை இருந்தால் உயரத்தில் 2.7 மில்லிமீட்டர் பிழை வரும். x1-இன் பிழை 0.029, அதாவது எட்டு மில்லிமீட்டர். அது கம்பியில் தெரியும், ஆகவே அங்கே நிறுத்தக் கூடாது. x2-இன் பிழை 0.00018, அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. கம்பியில் வழியும் டீசலின் ஈரக்கோட்டை அவ்வளவு நுணுக்கமாக யாரும் படிக்க முடியாது. டாங்கிக்கு இரண்டு சுற்று போதும். பிழை எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கவும் பரீட்சைக்கும்தான் மூன்றாவது, நான்காவது சுற்று.

இதற்குமேல் தசமம் கூட்டியும் தீராத பிழைகள் டாங்கியிலேயே இருக்கின்றன. இரு முனையும் தட்டையாக இருக்கிறது என்று வைத்துத்தான் சமன்பாடு வந்தது. முனைகள் குவிந்து வெளியே தள்ளியிருந்தால் அங்கே கூடுதலாகக் கொஞ்சம் பிடிக்கும், அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். டாங்கி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கம்பி விடும் துளை எந்த முனையில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஆழம் கூடும் அல்லது குறையும். விட்டத்தையும் உள்பக்கமாக அளக்க வேண்டும், தகட்டின் தடிமனைச் சேர்க்கக் கூடாது.

பெண்ணிடம் 35.8 என்று சொன்னதும் அடுத்த கேள்வி வந்தது: "அப்போ முக்கால் பங்குக்கும் இதே மாதிரி மறுபடி போடணுமா அண்ணே?" வேண்டியதில்லை. முக்கால் நிரம்பியிருந்தால் மேலே காலியாக இருப்பது கால் பங்கு, அதே வட்டத்தைத் தலைகீழாகப் பார்ப்பதுதான். 120-இலிருந்து 35.76-ஐக் கழித்தால் 84.24. பாதி 60-இல். எட்டில் ஒரு பங்குக்குக் கோடு வேண்டுமென்றால் மட்டும் π/2 இருக்கும் இடத்தில் π/4 போட்டு, புதிய f-இன் குறி எங்கே மாறுகிறது என்று பார்த்து, மறுபடி முதல் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும்.